வெள்ளத்தில் நனைந்த தையல் அறை: காப்புறுதிக்கு வரி வரியாக அறிக்கை எழுதுவது எப்படி?

ஊசிநூல், 6 டிசம்பர் 2025

திருகோணமலை நகரத்துக்குள்தான் வீடு. ஒழுங்கையின் பின்பக்கம் வாய்க்கால். முன்னறையில் அம்மாவும் நானும் தையல் செய்கிறோம்: பிளவுஸ், பள்ளிச் சீருடை, சாறிக்கு ஃபோல்ஸ் வைப்பது. டித்வா மழையோடு வாய்க்கால் நிரம்பி, இரவோடு இரவாக முன்னறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. மெஷின், துணி, நூல் எல்லாம் போச்சு.

தொழிலுக்கென்று தனியாக ஒரு பொலிசி இருக்கிறது. தீ, மின்னல், புயல், வெள்ளம் எல்லாம் சேர்த்து எடுத்தது. கம்பனிக்குச் சொன்னதும், “சேத விவரத்தைப் பொருள் வாரியாக எழுதி, படப் பட்டியலோடு தாருங்கள், மதிப்பீட்டாளர் வருவார்” என்றார்கள். படிவத்தில் மூன்று கோடுதான் இருக்கிறது. மூன்று கோட்டில் ஒரு தையல் அறையை எழுத முடியாது. யாராவது இப்படி அறிக்கை எழுதியிருந்தால் எந்த ஒழுங்கில் எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். போனில் படங்கள் குவிந்து கிடக்கின்றன. எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை.

இன்னொரு அவசரக் கேள்வி. துணி மணக்கத் தொடங்கிவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் நனைந்ததை எல்லாம் அகற்றச் சொல்லிவிட்டுப் போனார். மதிப்பீட்டாளர் வரும்வரை வைத்திருக்க வேண்டுமா?

வெருகல் கரை, 6 டிசம்பர் 2025

தங்கச்சி, எங்கட பக்கம் மாவிலாற்றுக் கட்டு உடைந்து வந்த தண்ணீர். வயல் முழுக்க மணல். கமநலக் காப்புறுதிக்கு எழுதிக் குடுத்திருக்கிறன். அவங்கள் படமே கேக்கேல்ல. ஏக்கர் கணக்கும் கமக்காரர் அமைப்பின்ர கடிதமும் போதும் எண்டவங்கள். நீங்களும் ஜி.எஸ். கடிதம் ஒண்டை எடுத்துக் குடுத்தால் போதாதே?

கடற்கரை வீதி, 6 டிசம்பர் 2025

வயல் காப்புறுதி வேறு, இது வேறு. கிராம சேவகர் கடிதம் வெள்ளம் வந்தது என்பதைக் காட்டும். உங்கள் அலுமாரிக்குள் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. கடிதத்தை எடுத்து வையுங்கள், அறிக்கையின் கடைசியில் சேர்க்கலாம்.

நான் இழப்பு மதிப்பீட்டாளர் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவன். இப்போது ஓய்வு.

முதலில் துணி. குப்பையில் போடாதீர்கள், அப்படியே விட்டும் வைக்காதீர்கள். சேதத்தை மேலும் பெருக விடாமல் பார்ப்பது காப்புறுதி எடுத்தவரின் பொறுப்பு. ஆனால் கம்பனி பார்க்குமுன் பொருளை இல்லாமல் ஆக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு துணிக் கட்டையும் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பிறகு வெளியே எடுத்து, நீளத்தை அளந்து, அளவுநாடா தெரியும்படி இன்னொரு படம். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முழம் வெட்டி, காயவைத்து, இலக்கம் எழுதிய காகிதத்தைக் குத்தி ஒரு பைக்குள் வையுங்கள். அதன் பிறகு கம்பனிக்கு மின்னஞ்சல்: “பரிசோதகர் அகற்றச் சொல்லியிருக்கிறார், மாதிரி எடுத்து வைத்திருக்கிறோம், மிச்சத்தை இன்ன திகதிக்குப் பிறகு அகற்றலாமா?” சரி என்று எழுத்தில் பதில் வந்தால் அகற்றுங்கள். போனில் சொன்னால் போதாது.

அதற்கும் முன்னால் இன்னொரு வேலை. சுவரைக் கழுவிவிட்டீர்களா?

ஊசிநூல், 6 டிசம்பர் 2025

இல்லை அண்ணை. தரையை மட்டும் தள்ளிக் கழுவினோம். சுவரில் மண்நிறக் கோடு அப்படியே இருக்கிறது.

கடற்கரை வீதி, 7 டிசம்பர் 2025

நல்லது. அந்தக் கோடுதான் உங்கள் அறிக்கையின் முதுகெலும்பு.

அளவுநாடாவின் பூச்சியத்தைத் தரையில் வைத்து, கோடு எங்கே நிற்கிறது என்று படம் எடுங்கள். அறையின் நாலு சுவரிலும் எடுக்க வேண்டும், தரை எல்லா இடமும் ஒரே மட்டத்தில் இராது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம்: கிட்ட நின்று இலக்கம் வாசிக்கக் கூடியதாக ஒன்று, தள்ளி நின்று எந்தச் சுவர் என்று தெரியக் கூடியதாக ஒன்று. பிறகு கூரையின் உட்பக்கத்தையும் ஒரு படம்.

கூரை ஏன் என்றால், மதிப்பீட்டாளர் முதலில் யோசிப்பது தண்ணீர் எந்த வழியால் வந்தது என்பதைத்தான். கீழிருந்து ஏறிய வெள்ளமும் ஓட்டு இடுக்கால் ஒழுகிய மழையும் பொலிசியில் ஒன்றல்ல. பழைய ஒழுக்கைப் பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள். மேலே கறை இல்லை, கீழே கோடு இருக்கிறது என்றால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

அதன் பிறகு ஒவ்வொரு பொருளையும் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கோடு 60 செ.மீ. என்று வைப்போம். 90 செ.மீ. உயரத்தில் இருந்த பொருளைச் சேதம் என்று எழுதினால், காரணத்தை அதே வரியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஒரு வரி மற்ற வரிகள் மீதும் சந்தேகத்தைக் கொண்டுவரும்.

தாள் கணக்கு, 7 டிசம்பர் 2025

நான் கணக்கியல் படித்தவன். இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை அக்கா. எல்லாவற்றையும் புதுப் பொருளின் இன்றைய கடை விலையில் போடுங்கள். மெஷின் புதுசு என்ன விலையோ அது. தைத்து முடித்த சீருடை விற்கும் விலை என்னவோ அது. குறைக்கிறது கம்பனியின் வேலை.

கடற்கரை வீதி, 7 டிசம்பர் 2025

தம்பி சொல்வதில் பாதி சரி. மெஷின், மேசை போன்றவற்றுக்குப் ‘புதிய விலையில் ஈடு’ என்ற ஒப்புதல் பொலிசியில் சேர்ந்திருந்தால் புது விலை கேட்கலாம். சேராவிட்டால் பழக்கத்துக்குக் கழிப்பார்கள். சரக்குக்கு அந்தக் கதையே இல்லை. பொதுவாகச் சரக்கு வாங்கிய விலைக்குத்தான். தைத்து முடித்த சீருடை என்றால் துணி, நூல், கூலி எல்லாம் சேர்ந்த அடக்க விலை. விற்றால் வந்திருக்கும் இலாபத்துக்கு வேறு வகைக் காப்புறுதி இருக்கிறது, அதை வீட்டுத் தொழில் செய்பவர்கள் எடுப்பது அருமை.

விற்பனை விலையைப் போட்டுவிட்டு அவர்கள் குறைக்கட்டும் என்று விட்டால், எந்தக் கணக்கில் குறைப்பது என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். அடக்க விலைக் கணக்கை நீங்களே காட்டினால் பேச்சு அந்தக் கணக்கின் மேல்தான் நடக்கும்.

ஊசிநூல், 9 டிசம்பர் 2025

கோட்டை அளந்துவிட்டோம். வாசல் பக்கச் சுவரில் 55 செ.மீ., அலுமாரி நிற்கும் சுவரில் 58. மூலையில் தரை பதிவு, அதனால் அந்த வித்தியாசம்.

கோட்டை வைத்துக்கொண்டு அறையைப் பார்த்தபோது எனக்கே பல விஷயங்கள் தெளிவாகின. இரும்பு அலுமாரியின் அடித்தட்டு முழுக்கத் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. இரண்டாம் தட்டு 46 செ.மீ. உயரத்தில். அதில் வெள்ளைச் சீருடைத் துணியை மடித்து அடுக்கியிருந்தோம். அடுக்கின் பக்கவாட்டில் பார்த்தால் கீழே சேற்று நிறம், அதற்கு மேலே ஒரு கபில நிறக் கோடு, அதற்கும் மேலே வெறும் ஈரம். தண்ணீர் நின்றது 58 வரைக்கும்தான். அதற்கு மேலிருந்த மடிப்புகள் கீழ்த் துணியிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கின்றன. அந்தப் பக்கவாட்டை நாடாவோடு கிட்டப் பிடித்துப் படம் எடுத்தேன். இந்த அடுக்கில் என்ன நடந்தது என்பதை அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

மேலிருந்த ஈர மடிப்புகளைத் துவைத்துக் காயவைத்தோம். வெள்ளையாகவே வந்துவிட்டன. அவற்றைச் சேதத்தில் சேர்க்கவில்லை. சேறு ஏறியது எத்தனை துவைப்பிலும் பழுப்பு விடவில்லை. பள்ளிச் சீருடைக்கு அது இனி ஆகாது.

இப்போது ஒரு வரி இப்படி வந்திருக்கிறது:

வரி 7. வெள்ளைச் சீருடைத் துணி, 62 மீற்றர். இடம்: இரும்பு அலுமாரி, இரண்டாம் தட்டு, தரையிலிருந்து 46 செ.மீ. நிலை: சேற்றுக் கறை, துவைத்தும் போகவில்லை. விலை: மீற்றர் 520 ரூபாய், மொத்தக் கடைப் பில்படி. தொகை: 32,240 ரூபாய். படங்கள்: 11, 12, 13, மாதிரித் துண்டு 7, பில் படம் 40.

சரியா அண்ணை?

கடற்கரை வீதி, 9 டிசம்பர் 2025

சரி. ஒன்றைச் சேருங்கள்: “அதே அடுக்கின் மேல்மடிப்புகள் துவைத்து மீட்கப்பட்டன, இணைப்பு ஆ பார்க்க”. மீட்டதைச் சொல்லும் வரி, மீட்க முடியாததைச் சொல்லும் வரிக்குப் பலம்.

மட்டிக்களி கேக், 10 டிசம்பர் 2025

எனக்கும் இதே பிரச்சினைதான். வீட்டில் கேக் செய்கிறேன். வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை, ஆனால் கரண்ட் இல்லாமல் ஃபிரிட்ஜில் இருந்த பட்டர், கிறீம் எல்லாம் பழுதாகிவிட்டது. கோடு இல்லாதபடியால் எந்தச் சுவரைப் படம் எடுப்பது?

கடற்கரை வீதி, 10 டிசம்பர் 2025

உங்களுடையதில் தண்ணீர் பொருளைத் தொடவில்லை பிள்ளை. மின்சாரம் நின்று குளிர்ப் பொருள் பழுதாவதற்கு வழக்கமாகத் தனியாக ஒரு சேர்ப்பு வேண்டும். பொலிசியில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கரண்ட் போன நேரம், வந்த நேரம், பழுதான பொருளின் படம், வாங்கிய பில் என்று தொடங்குங்கள். இல்லாவிட்டால் இந்த வழியில் கிடைப்பது கஷ்டம்.

ஊசிநூல், 11 டிசம்பர் 2025

படப் பட்டியல் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் மாட்டுப்படப் போகிறார்கள்.

தண்ணீர் உள்ளே நின்றபோது எடுத்த படங்கள் எங்கள் போனில் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் தன் மாடியிலிருந்து எடுத்திருந்தார், எங்கள் வாசற்படி மூழ்கியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைச் சேமித்துப் பார்த்தால் எடுத்த நேரம் இல்லை, எனக்கு வந்து சேர்ந்த நாள்தான் காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவைச் சுருக்கி, உள்ளே பதிந்திருக்கும் நேர விவரத்தையும் எடுத்துவிடுகிறது. அதே படத்தை ‘டொக்கியுமென்ட்’ என்று தெரிவு செய்து மறுபடி அனுப்பச் சொன்னேன். அப்போது எடுத்த நேரத்தோடு முழு அளவில் வந்தது. மற்றவர்களிடம் படம் கேட்பவர்கள் இப்படியே கேளுங்கள். எடுத்தவர் தன் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருப்பதும் அவசியம்.

பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் இவ்வளவுதான் எழுதினேன்: இலக்கம், எடுத்த நாளும் நேரமும், யார் எடுத்தது, எங்கே நின்று எடுத்தது, என்ன தெரிகிறது, எந்தெந்த வரிக்கு உரியது. ஒழுங்கு தெருவிலிருந்து உள்ளே போகிறது. வீட்டு இலக்கத்தோடு வாசல், அறையின் நாலு மூலை, கோடும் நாடாவும், பிறகு பொருட்கள், கடைசியில் பில்களும் கடிதங்களும். பட்டியலை மட்டும் வாசிக்கிற ஒருவர் அறைக்குள் நடந்து போவது போல இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னா, அப்படியே வைத்தோம்.

தாள் கணக்கு, 11 டிசம்பர் 2025

ஒரு படத்துக்கு ஒரு வரி என்று வைத்தால் சுலபம்தானே?

கடற்கரை வீதி, 12 டிசம்பர் 2025

வராது தம்பி. அலுமாரியின் ஒரே படத்தில் பத்து வரிப் பொருட்கள் தெரியும், மெஷின் ஒன்றுக்கு நாலு படம் வேண்டும். அதனால்தான் இரு பக்கமும் இலக்கம்: வரியில் பட இலக்கங்கள், படத்தில் வரி இலக்கங்கள்.

இன்னொன்று. ஒரே துணிக் கட்டை இரண்டு பக்கத்திலிருந்து எடுத்த படம் இரண்டு கட்டுகளாகத் தெரியும். மதிப்பீட்டாளர் ஒரே பொருளை இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்களோ என்று தேடுவார். வரி இலக்கத்தைக் கொட்டை எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிப் பொருளின் மேல் வைத்து எடுத்தால் அந்தச் சந்தேகமே வராது. வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது எதுவும் வேண்டாம். எடுத்தபடியே கொடுங்கள்.

ஊசிநூல், 14 டிசம்பர் 2025

மெஷின். இதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

எங்களிடம் இருப்பது கடைகளில் இருப்பது போன்ற பெரிய மெஷின். மேசை 75 செ.மீ. உயரம். தலைப்பகுதி மேசைக்கு மேலே, அடியில் தொங்கும் எண்ணெய்த் தட்டும் 58ஐத் தொடவில்லை. மோட்டார் மேசைக்குக் கீழே தொங்குகிறது, அது தண்ணீருக்குள் போய்விட்டது. மிதியும் கம்பியும் சேற்றுக்குள். ‘மெஷின் முழுதும் சேதம்’ என்று எழுதினால் தலைப்பகுதி உலர்ந்திருப்பதைப் படமே காட்டிக் கொடுக்கும். அதனால் நாங்கள் பிரித்து எழுதினோம்: மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மாற்றுவது, மிதித்தொகுதி சுத்தம் செய்வது, தலைப்பகுதிக்கு மெக்கானிக்கின் பரிசோதனைக் கூலி மட்டும். மெக்கானிக் கடிதத்தில் மோட்டாரின் இலக்கம் இருக்கிறது, தகட்டின் படமும் இருக்கிறது.

தகட்டைப் படம் எடுத்தது பெரிய உதவி. மெஷின் 2018இல் வாங்கியது. ஆனால் பழைய மோட்டார் எரிந்து, இப்போதிருக்கும் மோட்டாரை 2024இல் போட்டோம். எங்கள் பொலிசியில் புதிய விலை ஒப்புதல் இல்லை, கழிவு நிச்சயம். அந்தக் கழிவு மோட்டாரின் வயதுக்கு இருக்க வேண்டுமே தவிர மெஷினின் வயதுக்கு அல்ல. ஆகவே ‘வாங்கிய ஆண்டு’ என்ற இடத்தில் உடலுக்கு 2018, மோட்டாருக்கு 2024 என்று தனித்தனியாகப் போட்டேன்.

அம்மாவின் பழைய மிதி மெஷின் சேற்றில் நின்றது. துடைத்து எண்ணெய் விட்டு, தோல்வாரை மாற்றினோம், ஓடுகிறது. தோல்வாரின் விலை மட்டும் ஒரு வரி.

கடற்கரை வீதி, 14 டிசம்பர் 2025

மிதி மெஷினை அப்படி எழுதியது நன்று. நான் வேலை செய்த காலத்தில் எல்லா வரியும் ‘முழுச் சேதம்’ என்று வந்த கோப்பைத்தான் இரண்டாம் தரம் ஆள் அனுப்பிப் பார்ப்போம்.

இப்போது சேதமாகாத சரக்கைப் பற்றிக் கேட்கிறேன். மேல்தட்டுகளில் இருந்ததை எழுதினீர்களா?

ஊசிநூல், 14 டிசம்பர் 2025

அதை ஏன் எழுத வேண்டும் அண்ணை? அதற்குப் பணம் கேட்கவில்லையே. துவைத்து மீட்டதை மட்டும்தான் இணைப்பு ஆவில் போட்டோம்.

கடற்கரை வீதி, 15 டிசம்பர் 2025

கேட்காவிட்டாலும் அவர்கள் எண்ணுவார்கள். விகிதாசார நிபந்தனை என்று ஒன்று பொலிசியில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

உங்கள் சரக்குக்கு எடுத்த காப்புத் தொகை எவ்வளவு? அன்று வீட்டில் இருந்த முழுச் சரக்கின் அடக்கம், நனைந்ததும் நனையாததும் சேர்ந்து, எவ்வளவு? இரண்டாவது கூடவாக இருந்தால், மிச்சப் பங்கை நீங்களே தாங்கியதாகக் கணக்குப் பார்ப்பார்கள். இழப்பு முழுவதும் கிடைக்காது, அந்த விகிதத்துக்குத்தான் கிடைக்கும்.

ஊசிநூல், 17 டிசம்பர் 2025

பொலிசியை எடுத்து வாசித்தோம். சரக்குக்கு 300,000 ரூபாய். கணக்குக் கொப்பியையும் மேல்தட்டையும் பார்த்து எண்ணினால் அன்று இருந்தது 400,000 அளவில் வருகிறது. நனைந்த சொந்தச் சரக்கு, மீட்டதைக் கழித்த பிறகு, 160,000.

அண்ணை சொன்னபடி போட்டால்:

160,000 × 300,000 ÷ 400,000 = 120,000

எங்கள் பொலிசியில் ஒவ்வொரு வெள்ள இழப்பிலும் 10 சதவீதம் நாங்களே தாங்க வேண்டும் என்றும் இருக்கிறது. 12,000 போனால் 108,000.

நெஞ்சு வலிக்கிறது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. தொகையை நிர்ணயித்தது யூன் மாதத்தில். அப்போது அலுமாரியில் பாதி வெறுமை. பள்ளிச் சீருடைக்கும் தைப்பொங்கலுக்கும் என்று கார்த்திகை, மார்கழியில்தான் துணி குவியும். வடகீழ்ப் பருவமழையும் அதே மாதங்களில்தான். அலுமாரி நிரம்பி வழியும் நேரம் பார்த்துத்தான் எங்கள் ஊருக்கு வெள்ளமும் வரும். தொகை நிர்ணயிக்கும்போது யாரும் அதைக் கேட்கவில்லை. இங்கே வாசிக்கும் வீட்டுத் தொழில் செய்பவர்கள் எல்லோரும் இதை ஒரு தரம் பாருங்கள்.

தாள் கணக்கு, 17 டிசம்பர் 2025

அப்படியென்றால் மேல்தட்டுச் சரக்கைச் சொல்லாமல் விட்டால் விகிதம் வராதே? 160,000 அப்படியே கிடைக்கும்.

ஊசிநூல், 17 டிசம்பர் 2025

தம்பி, அலுமாரியின் முழுப் படத்தில் மேல்தட்டு தெரிகிறது. தெரியாவிட்டாலும் நான் அதைச் செய்ய மாட்டேன். இணைப்பு இ என்று தனியாகச் சேதமாகாத சரக்கின் பட்டியலைக் கொடுக்கிறேன். எங்கள் கணக்குக் கொப்பியில் இருக்கும் தொகையோடு அது ஒத்துப்போகிறது.

கடற்கரை வீதி, 18 டிசம்பர் 2025

அதுதான் சரி. ஒரு சின்னக் கவனம்: மேல்தட்டுச் சரக்கையும் அடக்க விலையில்தான் போட வேண்டும். சிலர் சேதமானதை அடக்கத்திலும் சேதமாகாததை விற்பனை விலையிலும் எழுதி, தங்கள் விகிதத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்வார்கள்.

ஊசிநூல், 20 டிசம்பர் 2025

இனிக் கஷ்டமான பகுதி. வாடிக்கையாளர்களின் துணி.

தைக்கத் தந்த பிளவுஸ் துணிகள், ஃபோல்ஸ் வைக்கத் தந்த சாறிகள் எல்லாம் மேசைக்குக் கீழே கூடையில் இருந்தன. அதில் ஒன்று தையில் கலியாணம் இருக்கிற வீட்டின் பட்டுச் சாறி. பட்டின் சாயம் கசிந்து, கரையின் நிறம் உடலுக்குள் ஓடியிருக்கிறது. சாறிக்காரி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதிரையில் இருந்தா. அம்மா தேத்தண்ணி கொடுத்தா. எனக்கு அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பணம் எங்களிடம் கேட்கவில்லை, ஆனால் எப்படியாவது கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

இவற்றையும் சரக்குப் பட்டியலில் சேர்க்கலாமா?

தாள் கணக்கு, 20 டிசம்பர் 2025

உங்கள் பற்றுச்சீட்டின் பின்னால் ‘இயற்கை அழிவுக்குப் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருந்தால் நீங்கள் கொடுக்கத் தேவையில்லை. கம்பனியும் கொடுக்கத் தேவையில்லை. விஷயம் முடிந்தது.

கடற்கரை வீதி, 21 டிசம்பர் 2025

முடியவில்லை தம்பி. அந்த வரி இருந்தால் அது வாடிக்கையாளருக்கும் தையற்காரருக்கும் இடையில் உள்ள பேச்சு. கம்பனி பார்ப்பது தன் பொலிசியின் அட்டவணையில் ‘சரக்கு’ எப்படி விவரிக்கப்பட்டிருக்கிறது என்பதை. சொந்தச் சரக்கு என்று மட்டும் இருக்கிறதா, அல்லது ‘நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் பிறர் பொருட்களும்’ என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா? இருந்தால் கேட்கலாம், அப்போதும் நீங்கள் அதற்குப் பொறுப்பாளியா என்ற கேள்வி வரும். இல்லாவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

எப்படியானாலும் சொந்தச் சரக்கோடு கலக்காதீர்கள். இணைப்பு ஈ என்று தனியாக எழுதுங்கள். பற்றுச்சீட்டு இலக்கம், பெற்ற திகதி, பொருள், உரிமையாளர் சொல்லும் விலை, விலைக்கு என்ன ஆதாரம், படம். பேர் முழுக்க வேண்டாம், முதலெழுத்துப் போதும். முழு விவரம் கேட்டால் நேரில் காட்டலாம். கலந்துவிட்டால் அன்று இருந்த சரக்கின் மொத்தப் பெறுமதி ஏறும், உங்கள் சொந்த இழப்பின் விகிதம் இன்னும் குறையும்.

அதற்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வெட்டி, பாதி தைத்த பிளவுஸில் துணி அவர்களுடையது. ஆனால் வெட்டிய கூலி, வைத்த லைனிங், நூல் உங்களுடையது. அது உங்கள் இழப்பு. சரக்குப் பட்டியலில் ‘நடப்பு வேலை’ என்று ஒரு வரியாகப் போடலாம்.

ஊசிநூல், 22 டிசம்பர் 2025

அட்டவணையில் ‘தையல் பொருட்கள், துணிகள், முடிந்த ஆடைகள்’ என்று மட்டும் இருக்கிறது. பிறர் பொருள் பற்றி ஒன்றுமில்லை. பற்றுச்சீட்டின் பின்னால் எதுவும் அச்சிடவில்லை, அச்சிட்டிருந்தாலும் கலியாணச் சாறிக்காரியிடம் அதைக் காட்ட என்னால் முடியாது.

இணைப்பு ஈ எழுதி முடித்தேன். பட்டுச் சாறிக்கு பில் இல்லை. போன வருசம் ஒரு கோயில் திருவிழாவில் உடுத்தி எடுத்த படம் தந்தா, அதையும் பட்டியலில் போட்டேன். நடப்பு வேலையைத் தனி வரியாக எழுதினேன்.

ஊசிநூல், 9 ஜனவரி 2026

மதிப்பீட்டாளர் வந்து போனார். இளம் பெண், பொறுமையானவ. படப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்து தொடங்கினா. கோட்டைத் தன் நாடாவாலும் அளந்தா. 58 என்று எழுதிவிட்டு அலுமாரித் தட்டுகளை ஒவ்வொன்றாக அளந்தா. மாதிரித் துண்டுப் பையைப் பார்த்ததும் ஏழாம், ஒன்பதாம் துண்டை மட்டும் எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டா, மற்றவற்றைக் கேட்கவில்லை.

ஒரு இடத்தில் நின்றா. நூல் கோன்கள் 70 செ.மீ. உயரத் தட்டில் இருந்ததாக எழுதியிருந்தேன், ஏன் சேதம் என்று கேட்டா. அந்தத் தட்டு மரத்தூள் பலகை, கால்கள் ஊறி நொந்து தட்டு சரிந்து கோன்கள் தண்ணீரில் விழுந்தன. அது வரியில் எழுதியிருந்தது, சரிந்த தட்டின் படமும் இருந்தது. தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனா.

மோட்டாரின் கழிவை 2024இலிருந்துதான் போடுவதாகச் சொன்னா. விகிதாசாரம் வரும் என்றும் சொன்னா.

வெருகல் கரை, 10 ஜனவரி 2026

கேக்கச் சந்தோசம் தங்கச்சி. எங்களுக்கு இன்னும் ஒரு பதிலும் இல்ல. மணலை அள்ளத் தொடங்கிட்டம். நீங்கள் சொன்ன மாதிரி அள்ள முன்னம் வரம்பில கம்பு நட்டு, மணல் எவ்வளவு உயரம் எண்டு படம் எடுத்து வச்சிருக்கிறன்.

ஊசிநூல், 12 பெப்ரவரி 2026

கம்பனியின் கடிதம் வந்தது. சொந்தச் சரக்குக்கு விகிதம் போட்டு, 10 சதவீதம் கழித்து, நாங்கள் கணக்குப் பார்த்த 108,000 அப்படியே. மெஷின் வரிகள் சிறு குறைப்போடு ஏற்கப்பட்டன. நடப்பு வேலையும் ஏற்கப்பட்டது.

இணைப்பு ஈ முழுவதும் நிராகரிப்பு. காரணம் அட்டவணையின் விவரிப்பு என்று ஒரே வரி.

எனக்கு இது சரியாகப் படவில்லை. பொலிசி எடுக்கும்போது வந்த முகவர் கூடையைக் கண்ணால் பார்த்தவர். தையற்காரி வீட்டில் பிறர் துணி இருக்கும் என்பது எவருக்கும் தெரிந்தது. மறுபரிசீலனைக்கு எழுதியிருக்கிறேன்.

கடற்கரை வீதி, 13 பெப்ரவரி 2026

எழுதியது நல்லது. கம்பனி தன் இறுதி முடிவைத் தந்த பிறகும் திருப்தி இல்லையென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். என் மனதில் பட்டதைச் சொல்வதானால், வார்த்தை இல்லாத பொலிசியில் வெல்வது கடினம். முகவர் பார்த்தார் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் கதை மாறலாம். முன்மொழிவுப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தொழிலின் விவரத்தில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

ஊசிநூல், 20 பெப்ரவரி 2026

படிவத்தின் பிரதி வந்தது. ‘வாடிக்கையாளர் தரும் துணியில் ஆடை தைத்தல்’ என்று முகவரின் கையெழுத்தில் இருக்கிறது. மறுபரிசீலனைக் கடிதத்தோடு அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன். பதில் இன்னும் இல்லை.

சாறிக்காரிக்குக் கிடைத்த பணத்திலிருந்து ஒரு பங்கைக் கொடுத்தோம். முழு விலை இல்லை. மிச்சத்தைக் கம்பனியின் பதிலைப் பார்த்துச் செய்வோம் என்று பேசியிருக்கிறோம்.

பொலிசியைப் புதுப்பிக்கும்போது இரண்டு மாற்றம் கேட்டிருக்கிறேன். பிறர் பொருட்கள் என்ற வார்த்தைகளை அட்டவணையில் சேர்ப்பது ஒன்று. மார்கழிச் சரக்கின் அளவுக்குத் தொகையை உயர்த்துவது மற்றது. கட்டுத்தொகை கூடுகிறது. வருசம் முழுக்க அந்தக் கூட்டிய தொகைக்குக் கட்ட வேண்டுமா, அல்லது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் மட்டும் உயர்த்த முடியுமா? இங்கே யாராவது அப்படி எடுத்திருக்கிறீர்களா?